40 ஆண்டு வீடு, 12 வாரத் திட்டம்

பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போக முடிவு செய்யும் வயதான தம்பதிகள் பெரும்பாலும் விலை, பத்திரம், வரி பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். அதற்கு வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். வீட்டுக்குள் இருக்கும் சாமான்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் யாரும் இல்லை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு, பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பரணைத் திறந்து பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய. அந்த அவசரத்தில்தான் ஈயச் செம்பு அலுமினிய விலைக்குப் போகிறது, மூலப் பத்திரம் பழைய பேப்பரோடு போகிறது, ஒருவர் நாற்காலியில் ஏறி விழுகிறார்.

இதை ஒழுங்காகச் செய்யப் பன்னிரண்டு வாரம் தேவை. எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டில் 1984-இல் கட்டிய வீடு. 2006-இல் மாடி எழுப்பினார்கள். கணவருக்கு 74, மனைவிக்கு 69. மகள் பெங்களூரில், மகன் அமெரிக்காவில். வீட்டை வாங்குபவர் ஒரு பில்டர். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார். தம்பதி போவது கோயம்புத்தூரில் முதியோருக்கென்று கட்டப்பட்ட குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு. அங்கே பொது உணவுக்கூடம் உண்டு. ஆடியும் மார்கழியும் குடிபோக ஆகாத மாதங்கள் என்பதால் பொங்கலுக்குப் பிறகு தை மாதத்தில் போவதாக ஏற்பாடு. அப்படியானால் வேலை தொடங்க வேண்டியது நவம்பர் முதல் வாரத்தில்.

முதல் வேலை: காகிதம்

எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன் வீட்டிலுள்ள காகிதங்களை எல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பீரோ லாக்கர், டிரங்குப் பெட்டி, பூஜை அலமாரி, மெத்தைக்கு அடி, பழைய சூட்கேஸ் என்று ஐந்தாறு இடங்களில் அவை கிடக்கும். இதற்கு முதல் இரண்டு வாரம் போகட்டும். இது முடியும்வரை பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள்.

மேசையில் மூன்று கட்டு. முதல் கட்டு வீட்டோடு வாங்குபவருக்குப் போகப்போகும் காகிதங்கள்: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதியும் வரைபடமும், சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், மின் இணைப்புக் காகிதம், வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் அது அடைந்ததற்கான வங்கிக் கடிதம். அசல் பத்திரம் கிடைக்கவில்லை என்றால் அது இப்போதே தெரிய வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, நாளிதழில் விளம்பரம் கொடுப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். இதைப் பதிவுக்கு முந்தின வாரம் கண்டுபிடித்தால் விற்பனையே தள்ளிப்போகும்.

இரண்டாவது கட்டைத்தான் பலர் தெரியாமல் எறிந்துவிடுகிறார்கள். வீட்டுக்குச் செய்த செலவுகளின் பில்கள் அவை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும்போது, அந்த நாளின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்து மூலதன ஆதாயத்தைக் கணக்கிட வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குப் பிறகு வீட்டை விரிவாக்கச் செய்த செலவை அதோடு சேர்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் 2006-இல் கட்டிய மாடியின் ஒப்பந்தம், கொத்தனாருக்குக் கொடுத்த ரசீது, சிமென்ட், கம்பி பில், அந்த நேரத்து வங்கிப் புத்தகம் எல்லாமே வரியைக் குறைக்கும் சான்றுகள். மங்கிய பழைய பில் என்று தூக்கிப் போடாமல் ஓர் உறையில் கட்டி ஆடிட்டரிடம் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது கட்டு உங்களோடு காரில் வர வேண்டியது: ஓய்வூதிய ஆணை, வங்கி, வைப்புநிதிச் சான்றுகள், காப்பீடு, உயில், ஆதார், பான், மருத்துவக் கோப்பு, லாக்கர் சாவி. இந்தப் பை எக்காரணத்தைக் கொண்டும் லாரியில் ஏறக்கூடாது. இந்த மூன்றிலும் சேராத பழைய கேஸ் பில், தொலைபேசி பில், காலாவதியான உத்தரவாத அட்டைகள் ஆகியவற்றைக் கிழித்துப் போடலாம். கணக்கு எண் உள்ளதை மட்டும் கிழிக்காமல் எடைக்குப் போடாதீர்கள்.

இடத்தை அளந்து, பிறகு முடிவெடுப்பது

இந்த வேலையில் முடிவெடுக்க முடியாமல் திணறுவதற்குக் காரணம் கேள்வியே தவறாக இருப்பதுதான். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து 'இது வேண்டுமா?' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'வேண்டும்' என்றுதான் பதில் வரும். 'புது வீட்டில் இது எங்கே நிற்கும்?' என்று கேட்டால் பாதிக் கேள்விகளுக்குச் சுவரே பதில் சொல்லிவிடும்.

அதனால் காகித வேலை நடக்கும்போதே யாராவது ஒருவர் கோயம்புத்தூருக்குப் போய் டேப் வைத்து அளந்துவர வேண்டும். விற்பனைக் குறிப்பேட்டில் போட்டிருக்கும் சதுர அடியை நம்பிப் பயனில்லை. அதில் படிக்கட்டும் தாழ்வாரமும் சேர்ந்திருக்கும். சுவருக்குச் சுவர் நீள அகலம், கதவின் அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில், மின் செருகிகள் எங்கே, லிஃப்ட் கதவின் அகலமும் உள்ளே உயரமும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு பீரோக்கள் ஆறரை அடி உயரம் இருக்கும். லிஃப்டுக்குள் நிற்காவிட்டால் படிக்கட்டு வழியாகத்தான் தூக்க வேண்டும், அதற்குக் கூலி தனி.

கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து அறைகளை வரையுங்கள். கட்டில், பீரோ, சோபா, மேசை ஒவ்வொன்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்து நகர்த்திப் பாருங்கள். 11 அடிக்கு 10 அடி அறையில் ஆறரைக்கு ஐந்து அடி கட்டிலைப் போட்ட பிறகு, கட்டிலின் இரு பக்கமும் குறைந்தது மூன்றடி இடைவெளி விட முயலுங்கள். இன்றைக்கு இருவரும் நன்றாக நடக்கலாம். நாளைக்கு ஒருவருக்கு வாக்கர் தேவைப்பட்டால் அது திரும்ப அந்த இடம் வேண்டும். கட்டிலின் உயரமும் முக்கியம்: ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பழைய தேக்குக் கட்டில் கால் தொங்கும் உயரத்தில் இருந்தால் தச்சரைக் கொண்டு காலை அறுத்துக் குறைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அது மகளுக்குப் போகட்டும்.

ஊஞ்சல் இருக்கும் வீடுகளில் பெரிய பேச்சே அதைப் பற்றித்தான் இருக்கும். பழைய வீட்டில் கூரை போடும்போதே கொக்கி வைத்திருப்பார்கள். அடுக்குமாடியில் மேல்தளத்தைத் துளைக்கக் குடியிருப்பு நிர்வாகம் பெரும்பாலும் ஒப்பாது, கான்கிரீட்டில் கம்பி எங்கே போகிறது என்பதும் தெரியாது. பலகையையும் சங்கிலியையும் கொண்டுபோய் இரும்புச் சட்டத்தில் மாட்டலாம், ஆனால் அந்தச் சட்டம் தரையில் ஆறேழு அடி பிடிக்கும். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தால் ஊஞ்சலா சோபாவா என்ற முடிவைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அலமாரிகளுக்கும் இதே கணக்குதான். மூன்றடி அகலத் தட்டில் புடவையை மூன்று அடுக்காக வைக்கலாம், ஓர் அடுக்குக்குப் பத்து. இரண்டு தட்டு என்றால் அறுபது புடவை. புத்தகம் ஓர் அடிக்குப் பதினைந்து தேறும். மூன்றடியில் நான்கு தட்டு என்றால் 180 புத்தகம். எண்ணிக்கை கையில் இருந்தால் தேர்வு சுலபமாகிறது. எதை விடுவது என்று வருந்தாமல், மிகப் பிடித்த அறுபதை எடுத்து வைக்கிறோம். எடுத்து வைத்தது போக மிஞ்சியதுதான் கொடுக்க வேண்டியது.

பரணிலிருந்து தொடங்குங்கள்

மூன்றாவது வாரம் முதல் ஐந்தாவது வாரம் வரை பரண், ஸ்டோர் ரூம், கார் ஷெட், மொட்டை மாடி அறை. போட்டோ ஆல்பத்தில் கை வைத்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். மனசு அதிகம் ஒட்டாத பொருள்களில் தொடங்கினால் முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிடும்.

இந்த வயதில் ஏணி ஏறக்கூடாது. நம்பிக்கையான ஓர் ஆளை அரை நாளுக்குக் கூலிக்கு வைத்து, பரணில் இருப்பதை எல்லாம் கூடத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். தம்பதி இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல வேண்டியதைச் சொன்னால் போதும். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைப்பு வந்த பிறகு எடுக்கும் முடிவுகள் இரண்டு விதமாகத்தான் இருக்கும்: எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது, அல்லது எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கர். பச்சை நம்மோடு வருவது, நீலம் பிள்ளைகளுக்கு, மஞ்சள் விற்க அல்லது கொடுக்க, சிவப்பு குப்பைக்கு. முடிவுக்கு வர முடியாதவற்றுக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி. அது நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைக்கலாம். அந்தப் பெட்டியை மறுபடி திறக்கும் தேதியை அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.

சென்னையில் நவம்பரும் டிசம்பரும் மழைக்காலம். ஒதுக்கிய அட்டைப்பெட்டிகளைத் தரையில் வைத்தால் அடிப்பாகம் ஈரம் குடித்து, தூக்கும்போது பிளந்துவிடும். செங்கல் மேல் பலகை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். வாகனம் ஏறும் வாரம் வரை புத்தகத்தையும் துணியையும் ஒட்டி மூடாதீர்கள். ஈரத்தோடு அடைத்தால் திறக்கும்போது பூஞ்சை இருக்கும்.

எடைக்குப் போடும் முன்

பரணிலிருந்து இறங்குவதில் பெரும்பகுதி பாத்திரம். இங்கேதான் பணம் சத்தமில்லாமல் போகிறது. அண்டா, குண்டான், உருளி, தவலை, செம்பு எல்லாவற்றையும் குவித்துப் போட்டால் வாங்குபவர் மொத்தத்துக்கும் மலிவான உலோகத்தின் விலையைத்தான் சொல்வார். முன்கூட்டியே பிரித்து வையுங்கள். பித்தளையும் வெண்கலமும் பார்க்க ஒன்றுபோலிருக்கும். விரலால் சுண்டினால் வெண்கலத்தின் நாதம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். செம்பு சிவந்திருக்கும், தேய்த்துப் பார்த்தால் தெரியும். ரசம் வைக்கும் ஈயச் செம்பு மங்கிய வெள்ளையாக இருப்பதால் அலுமினியம் என்று ஏமாறுவார்கள். கையில் எடுத்தால் அலுமினியத்தைவிட நன்றாகக் கனக்கும். அது தகர உலோகம், கிலோ விலை பித்தளையைவிடப் பல மடங்கு. பெட்டி எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றை வாங்கி நீங்களே எடையைக் குறித்துக்கொண்டு, இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள்.

எவர்சில்வருக்குப் பழைய விலை அதிகம் கிடைக்காது. அதில் பெயர் வெட்டியிருக்கும். யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்று படித்துப் பார்த்து, கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே ஒன்றிரண்டைத் திருப்பித் தரலாம். தாத்தா பெயர் வெட்டிய டபராவை விரும்பி வாங்கிக்கொள்ளும் பேரன் எங்கோ இருக்கிறான்.

பட்டுப் புடவையில் 1970, 80-களில் வாங்கியவை இருந்தால் சரிகையில் வெள்ளி இருக்கலாம். வாசலில் வந்து கேட்பவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், பழைய சரிகை வாங்கும் இரண்டு கடைகளில் எடை போட்டுக் கேளுங்கள். கிழியாத புடவை என்றால் குடும்பத்தில் கட்டிக்கொள்பவர் கையில் சேர்வது அதைவிட மேல்.

பழைய தஞ்சாவூர் ஓவியம், பஞ்சலோகச் சிலை, மரச் சிற்பம், ஓலைச்சுவடி இருந்தால் நிதானியுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும் 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடியும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் யாரும் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பாட்டி வைத்துப் பூஜித்த சிலைதானே என்று மகனுடைய சூட்கேஸில் வைத்து அனுப்பினால் விமான நிலையத்தில் அவர்தான் மாட்டிக்கொள்வார். அது மகளோடு பெங்களூரில் இருக்கட்டும்.

பைண்ட் செய்த பத்திரிகைத் தொடர்கதைகள் பல வீடுகளில் உண்டு. வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை, அதே ஓவியங்களும் அந்தக் கால விளம்பரங்களும் உள்ளே அப்படியே இருக்கும். பழைய இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள், நாடக நோட்டீஸ்கள், அரிய பதிப்புகள் இருந்தால் எடைக்குப் போடும் முன் பட்டியல் எடுத்து, சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த தொகுப்பை வைத்து 1994-இல் தொடங்கிய நூலகம் அது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று உங்கள் பரணில் இருக்கலாம்.

வீட்டில் பதிந்தவை யாருக்கு?

பில்டர் வாங்கி இடிக்கப்போகும் வீட்டில் யாரும் எளிதில் கவனிக்காத ஒன்று உண்டு. தேக்கு நிலை, கதவு, ஜன்னல், கிரில், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, ஏசி, இன்வெர்ட்டர் ஆகியவை யாருக்குச் சேரும் என்பது அது. இடிப்பு ஒப்பந்ததாரர் பழைய மரத்துக்கும் கம்பிக்கும் மதிப்புப் போட்டுத்தான் விலை பேசுவார். தலைவாசல் கதவை எடுத்துக்கொள்ள ஆசை இருந்தால், அதையும் எடுக்கப்போகும் மற்றவற்றையும் கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு பட்டியலாக எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சு கடைசி நாளில் நிற்காது.

விட்டுச்செல்லப்போவதையும் அதே பட்டியலில் எழுதுங்கள். ஆட்டுக்கல், உரல், துவைக்கும் கல் இவற்றை வாங்க ஆள் கிடைப்பது கடினம், தூக்கவும் நாலு பேர் வேண்டும். 'காலி செய்து ஒப்படைக்க வேண்டும்' என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால், அதை அகற்றும் செலவை உங்களிடம் கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. எப்படியும் இடிக்கப்போகிறவர் இதற்குச் சுலபமாக ஒப்புக்கொள்வார். கேட்டு எழுதினால் போதும்.

அவர் பொருள், இவர் பொருள், பிள்ளைகள் பொருள்

ஆறு முதல் எட்டு வாரம் சமையலறை, துணி, அலமாரிகள். இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் மனத்தாங்கல் வரும். 'இந்த டப்பா எல்லாம் எதுக்கு?' என்று அவர் கேட்க, 'உங்க பழைய டைரிய எல்லாம் முதல்ல எடுங்க' என்று அம்மாள் சொல்ல, வேலை அங்கேயே நிற்கும். ஒருவருடைய பொருளை மற்றவர் ஒதுக்கக்கூடாது என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். புது வீட்டின் அலமாரியையும் சரிபாதியாகப் பிரித்துவிடுங்கள். அவரவர் இடத்துக்குள் அவரவர் என்ன வைத்தாலும் கேள்வி இல்லை.

சமையலறையை மட்டும் புது வாழ்க்கையை நினைத்து அளக்க வேண்டும். மதியமும் இரவும் பொது உணவுக்கூடத்தில் சாப்பாடு என்றால், வீட்டில் நடக்கப்போவது காப்பி, காலைப் பலகாரம், மழை நாளில் ஒரு ரசம் சாதம், பிள்ளைகள் வரும்போது நாலு பேருக்குச் சமையல். இதற்கு இரண்டு குக்கர், ஒரு மிக்ஸி, ஒரு தோசைக்கல், ஆறு தட்டு, சில அடுக்குப் பாத்திரம் போதும். பத்து லிட்டர் குண்டானும் பெரிய கிரைண்டரும் அங்கே மேடையை அடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வாரத்துக்கு இவ்வளவு பாத்திரத்தை மட்டும் வைத்துச் சமைத்துப் பாருங்கள். எது குறைகிறது என்று சமையலே சொல்லிவிடும்.

பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியதைப் படம் எடுத்து, எண் போட்டு இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். வேண்டுமா என்று சொல்ல ஒரு தேதியும், எடுத்துச் செல்ல ஒரு தேதியும் அதோடு இருக்கட்டும். ஒரே பொருளை இருவரும் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவர் ஒன்றை எடுக்க, அடுத்தவர் அடுத்ததை எடுக்கலாம். அவர்கள் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பை, கல்லூரி நோட்டு எல்லாம் உங்கள் பொறுப்பல்ல. எடுத்துக்கொள்ளட்டும், அல்லது போட்டுவிடச் சொல்லட்டும். 'வேண்டாம்' என்று அவர்கள் சொல்வது பெற்றோருக்கு வலிக்கும். எடுத்துச் செல்ல அவர்கள் வீட்டிலும் இடமில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். நகையை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆட்கள் வந்துபோகும் வீட்டில் அது இருக்கவே கூடாது, முதல் வாரமே வங்கி லாக்கருக்குப் போய்விட வேண்டும்.

கொலுவும் படங்களும்

ஒன்பது, பத்தாவது வாரங்களைக் கொலுப் பொம்மைக்கும் போட்டோக்களுக்கும் வையுங்கள். ஒன்பது படிக் கொலு புது வீட்டில் மூன்று படியாகும். மரப்பாச்சியும் கல்யாணத்தில் வந்த செட்டும் வரட்டும். மற்றவற்றைக் கொலு வைக்கத் தொடங்கியிருக்கும் இளம் குடும்பங்களுக்கு, செட்டைப் பிரிக்காமல் கொடுங்கள். களிமண் பொம்மையைத் தனித்தனியாகப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, கழுத்தும் கையும் அழுந்தாதபடி நிற்க வைத்து அடுக்க வேண்டும்.

போட்டோவில் வேலை இரண்டு. 1980, 90-களின் பசை ஆல்பங்களில் படம் தாளோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் கிழியும். பக்கத்தோடு சேர்த்துக் கைபேசியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தளர்வாக இருக்கும் படங்களின் பின்னால் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் வரை ஊறும்.

இரண்டாவது வேலை, பெயர் சொல்வது. 1962-ஆம் ஆண்டுக் கல்யாணக் குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இந்த இருவர் மட்டும்தான். மகள் ஒரு சனிக்கிழமை வந்து படத்தைக் காட்டக் காட்ட, அப்பாவும் அம்மாவும் சொல்வதைக் கைபேசியில் பதிந்துகொள்ளலாம். பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறைக்குப் பழைய காகிதம்தான், அதனால் இருநூறு படங்களுக்குப் பெயர் சேர்வது இரண்டாயிரம் படங்களைப் பெட்டியில் மூடி வைப்பதைவிடப் பெரிய காரியம்.

கட்டுவதும் கிளம்புவதும்

பதினோராவது வாரம் மஞ்சள் ஸ்டிக்கர் பொருள்கள் எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் பழைய விலை கிடைக்கும், அமிலத்தோடு லாரியில் ஏற்றக்கூடாது. கேஸ் சிலிண்டரையும் ஏற்ற மாட்டார்கள். வேறு ஊர் என்பதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்பை மாற்றும் சீட்டை வாங்குங்கள். முதலில் வைப்புத்தொகை கட்டிய ரசீது வேண்டும் என்பதால்தான் காகித வேலை முதலில் வருகிறது.

பேக்கர்ஸில் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கே வந்து பார்த்து விலை எழுதித் தரட்டும். தொலைபேசியில் மிகக் குறைவாகச் சொல்லிவிட்டு, சாமான் ஏறிய பிறகு நடுவழியில் கூடுதல் கேட்கும் மோசடி உண்டு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக் கூலி, வரி, காப்பீடு எல்லாம் அந்தத் தாளில் தனித்தனியாக இருக்கட்டும். காப்பீடு செல்ல பொருள் வாரியான மதிப்புப் பட்டியல் வேண்டும். பச்சை ஸ்டிக்கர் பட்டியலே அதற்கு உதவும்.

பெட்டியின் மேல் பழைய அறையின் பெயரை எழுதாதீர்கள், இறங்கப்போகும் அறையின் பெயரை எழுதுங்கள். எண்ணை மேல்மூடியில் போட்டால் அடுக்கும்போது மறையும், அதனால் இரண்டு பக்கவாட்டில் போட வேண்டும். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். புத்தகம் சிறிய பெட்டியில் மட்டும், ஒன்று 12 முதல் 15 கிலோவுக்கு மேல் போகாமல். கண்ணாடித் தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்கினால் உடைவது குறையும். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து, உருகிய தண்ணீரைத் துடைத்து, நிற்க வைத்தே ஏற்ற வேண்டும்.

முதல் நாள் பெட்டி என்று ஒன்று தனியாகக் காரில் வரட்டும்: இருவருக்கும் இரண்டு வார மருந்து, கண்ணாடி, மூன்று நாள் உடை, துண்டு, படுக்கை விரிப்பு, டார்ச், கைபேசி சார்ஜர், பால் காய்ச்சப் பாத்திரம், காப்பிப்பொடி, பூஜை விளக்கு. பழைய வீட்டில் கடைசியாகக் கட்டுவது பூஜை, புது வீட்டில் முதலில் பிரிப்பதும் அதுவே. அடுத்தது படுக்கையறை. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பும் மருந்துப் பெட்டியும் விளக்கும் பழைய வீட்டில் எந்தக் கைப்பக்கம் இருந்தனவோ அதே பக்கம் இருக்கட்டும். இரவில் எழுந்து தடுமாறுவது முதல் சில வாரங்களில்தான் அதிகம் நடக்கும். மறதி தொடங்கியிருக்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாடு இன்னும் அவசியம்.

ஒப்படைக்கும் நாளில் மின் மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து, சாவிகளை எண்ணி, அசல் பத்திரங்களின் பட்டியலில் வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வங்கி, ஓய்வூதியம், காப்பீடு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரி மாற்றத்தை அதே வாரம் தொடங்குங்கள்.

இந்தப் பன்னிரண்டு வாரத்தையும் பிள்ளைகள் ஒரு வார லீவில் வந்து செய்து முடித்துவிடலாம் என்று தோன்றும். தூக்குவதையும் கட்டுவதையும் அவர்கள் செய்யலாம். எந்தப் பாத்திரம் யார் கொடுத்தது, எந்தக் காகிதம் எதற்கு, எந்தப் படத்தில் யார் என்பதை வீட்டுக்காரர்கள் இருவர்தான் சொல்ல முடியும். அதனால் விற்கும் எண்ணம் உறுதியானதுமே, வாங்குபவர் வரும்வரை காத்திராமல், முதல் இரண்டு வாரக் காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். விற்பனை ஓர் ஆண்டு தள்ளிப்போனாலும் அந்த வேலை வீணாகாது.